மாலைக் காபியில் இரவு எவ்வளவு மிச்சம்? மணிக்கு 13 சதவீதக் கணக்கு

குடித்த காபியின் காஃபின் உடலில் மணிக்கு 13 சதவீதம் குறையும் என்கிறார்கள். அப்படியென்றால் எட்டு மணி நேரத்தில் எல்லாம் போய்விடும்தானே?

போகாது. 13-ஐ எட்டால் பெருக்கினால் 104 வருகிறது, உண்மைதான். ஆனால் அந்த 13 சதவீதம் காலையில் குடித்த முழு அளவில் ஒவ்வொரு மணிக்கும் கழிவதில்லை. அந்தந்த நேரத்தில் உடலில் என்ன மிச்சமிருக்கிறதோ, அதில்தான் கழிகிறது. கூட்டுவட்டியைத் திருப்பிப் போட்டால் எப்படியோ அப்படி.

100 மில்லிகிராம் காஃபின் உள்ள ஒரு கோப்பையை எடுத்துக்கொள்வோம். முதல் மணி நேரத்தில் 13 மி.கி. போய் 87 மிச்சம். அடுத்த மணியில் அந்த 87-இல் 13 சதவீதம், அதாவது ஏறக்குறைய 11 மி.கி. போய் 76 மிச்சம். அப்புறம் 66, 57, 50, 43, 38. எட்டாவது மணி முடியும்போது 33. அந்த எட்டாவது மணி நேரத்தில் போனது வெறும் 5 மி.கி. முதல் மணியில் 13 போனது, கடைசியில் 5. வேகம் அப்படி மட்டுப்பட்டுக்கொண்டே வருகிறது. அதனால்தான் எல்லாம் தீர்ந்திருக்கும் என்று நாம் நம்பும் எட்டாவது மணி நேர முடிவில், குடித்ததில் மூன்றில் ஒரு பங்கு உடம்பிலேயே இருக்கிறது.

கணினி அட்டவணையில் போட்டுப் பார்க்க ஒரே வரி போதும். முதலில் குடித்த அளவு, நடுவில் 0.87, மேலே எத்தனை மணி நேரம் என்பது:

```
=100*0.87^8
```

0.87 என்பது 100-இலிருந்து 13 போக மிஞ்சும் 87 சதவீதம். இந்த இடத்தில் 0.13 போடுவது எல்லோரும் செய்யும் தவறு. நானும் முதல் தடவை அப்படித்தான் போட்டேன். இரவு மிச்சம் 0.00 என்று திரையில் வந்தது. பரவாயில்லையே, இன்னொரு கோப்பை குடிக்கலாம் போலிருக்கிறதே என்று கொஞ்ச நேரம் மகிழ்ச்சியாகக்கூட இருந்தேன்.

இந்த 13 எங்கிருந்து வந்தது?

காஃபினின் அரை ஆயுட்காலத்திலிருந்து. உடலில் இருக்கும் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரத்துக்குத்தான் அந்தப் பெயர். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு அது சராசரியாக 5 மணி நேரம். ஐந்து முறை தொடர்ந்து பெருக்கினால் பாதி வர வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் எதால் பெருக்க வேண்டும்? 0.5-இன் ஐந்தாம் மூலம், அதாவது 0.8706. எனவே மணிக்கு 12.94 சதவீதக் குறைவு. அதை முழுமையாக்கி 13 என்கிறோம்.

ஐந்து மணியில் 50 சதவீதம் என்பதால் மணிக்கு 10 சதவீதம் என்று சிலர் போடுகிறார்கள். அதுவும் நேர்க்கணக்கின் பழக்கம்தான். 0.9-ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.59 வருகிறது, பாதி வரவில்லை. இதே போல, 5 மணியில் பாதி போனால் 10 மணியில் மீதிப் பாதியும் போய்விடும் என்று நினைப்பதும் தவறு. 10 மணியில் கால் பங்கு இருக்கும். 15 மணியில் அரைக்கால்.

ஏன் சதவீதமாகக் குறைகிறது? மணிக்கு இத்தனை மில்லிகிராம் என்று ஏன் இல்லை?

காஃபினை உடைப்பது கல்லீரல். அங்கே சிஒய்பி1ஏ2 என்ற நொதிதான் இந்த வேலையில் பெரும்பகுதியைப் பார்க்கிறது. ஒன்றிரண்டு கோப்பை அளவுக்கு இந்த நொதியிடம் வேண்டிய மட்டும் ஆள் இருக்கிறது. காஃபின் மூலக்கூறு வந்து சேர்வதுதான் தாமதம், உடனே பிடித்துக்கொள்ளும். இரத்தத்தில் நிறைய இருந்தால் நிறைய வந்து மாட்டும், குறைவாக இருந்தால் குறைவாக மாட்டும். வேலையின் அளவை வரத்துதான் தீர்மானிக்கிறது. அதனால் சதவீதம் மாறாமல் இருக்கிறது.

மது அப்படியில்லை. அதை உடைக்கும் நொதி குறைந்த அளவிலேயே நிரம்பி வழிந்துவிடும். எவ்வளவு வரிசையில் நின்றாலும் மணிக்கு ஏறக்குறைய இவ்வளவுதான் என்று ஒரே வேகத்தில் வேலை நடக்கும். மதுவுக்கு நேர்க்கணக்கு, காஃபினுக்குச் சதவீதக் கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒரு சின்ன எச்சரிக்கை. காஃபினும் ஒரே மூச்சில் மிக அதிகமாகப் போனால், உதாரணமாக ஒரேயடியாக 500 மி.கி., இந்த நொதியும் திணறத் தொடங்குகிறது. அப்போது அரை ஆயுட்காலம் நீள்கிறது. நம் 13 சதவீதம் அங்கே காட்டுவதைவிட உண்மையான மிச்சம் கூடுதலாக இருக்கும்.

காலை 7, பகல் 11, மாலை 4 என்று மூன்று முறை குடிக்கிறேன். இரவு 11 மணிக்குப் படுக்கும்போது எவ்வளவு இருக்கும்?

ஒவ்வொரு கோப்பையையும் தனித்தனியாக நடத்தி, கடைசியில் கூட்டிவிடலாம். ஒரு கோப்பையின் காஃபின் இன்னொன்றைப் பார்த்து வேகத்தை மாற்றிக்கொள்வதில்லை என்பதால் இந்தக் கூட்டல் செல்லும். கோப்பைக்கு 100 மி.கி. என்று வைத்துக்கொள்வோம்.

காலை 7 மணிக் கோப்பைக்கு இரவு 11 மணி வரை 16 மணி நேரம் கிடைக்கிறது. 0.87-ஐ 16 முறை பெருக்கினால் 0.108. அதாவது சுமார் 11 மி.கி. மிச்சம். பகல் 11 மணிக் கோப்பைக்கு 12 மணி நேரம், மிச்சம் 19. மாலை 4 மணிக் கோப்பைக்கு 7 மணி நேரம்தான், மிச்சம் 38.

```
=100*0.87^16 + 100*0.87^12 + 100*0.87^7
```

மொத்தம் 67 மி.கி. படுக்கையில் சாயும்போது உடம்பில் மூன்றில் இரண்டு கோப்பை இருக்கிறது. அளவை மட்டும் பார்த்தால், விளக்கை அணைக்கும் முன் முக்கால் கோப்பைக்குக் கொஞ்சம் குறைவாகக் குடித்ததற்குச் சமம்.

இதில் பார்க்க வேண்டியது அந்த 67 எப்படிச் சேர்ந்தது என்பதை. பாதிக்கு மேல் மாலைக் கோப்பை மட்டுமே. காலைக் கோப்பை கிட்டத்தட்டக் கணக்கிலேயே இல்லை. தூக்கத்துக்காகக் காலைக் காபியைத் தியாகம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். 11 மி.கி. மிச்சம் பிடிக்க நாளின் மிக நல்ல கோப்பையை விடுகிறார்கள். மாலைக் கோப்பையை மட்டும் விட்டால் 67 அப்படியே 30 ஆகிவிடும்.

நேற்றுக் குடித்ததும் இன்றிரவு கணக்கில் சேருமா?

சேரும், ஆனால் கொஞ்சமாக. 24 மணி நேரத்தில் 0.87-ஐ 24 முறை பெருக்க 0.035 வருகிறது. நேற்றிரவு இருந்த 67-இல் இன்றிரவு 2.4 மி.கி. மிச்சமிருக்கும். தினமும் இதே போலக் குடித்துவந்தால் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகாது. இரண்டு மூன்று நாளில் 70-க்குப் பக்கத்தில் நின்றுவிடும். தினம் சேர்வதும் தினம் போவதும் அங்கே சமமாகிவிடும்.

எனவே சராசரி ஆளுக்கு நேற்றைய கணக்கை மறந்துவிடலாம். மெதுவாக உடைக்கும் உடலுக்கு இது பெரிய தொகையாக மாறும், அதைக் கீழே பார்க்கலாம்.

மாலைக் கோப்பையை விட மனமில்லை. பாதியாகக் குறைத்தால் பயன் உண்டா?

தாராளமாக உண்டு. இந்தக் கணக்கிலேயே எனக்குப் பிடித்த பகுதி இதுதான். அரை ஆயுட்காலம் 5 மணி நேரம் என்றால், அளவைப் பாதியாக்குவதும் 5 மணி நேரம் முன்னால் குடிப்பதும் இரவில் ஒன்றே. 4 மணிக்கு முழுக் கோப்பைக்குப் பதில் அரைக் கோப்பை குடித்தால் இரவு 11 மணிக்கு மிச்சம் 19 மி.கி. அந்த முழுக் கோப்பையைப் பகல் 11 மணிக்கே குடித்திருந்தாலும் மிச்சம் அதே 19 தான். நேரத்தை நகர்த்த முடியாத நாளில் அளவை நகர்த்தலாம்.

இதைத் திருப்பியும் படிக்க வேண்டும். கோப்பையை இரட்டிப்பாக்கினால் 5 மணி நேரம் தாமதமாகக் குடித்ததற்குச் சமம். பெரிய கோப்பையில் 200 மி.கி. இருந்தால், மதியம் 1 மணிக்குக் குடித்தாலும், அது மாலை 6 மணிக்கு 100 மி.கி. குடித்த கதைதான். நேரத்தை மட்டும் பார்த்து மதியத்தோடு நிறுத்திவிட்டேனே என்று சொல்பவர்கள் கோப்பையின் அளவைச் சொல்வதில்லை.

இதே கணக்கைப் பின்னாலிருந்து போட்டால் கடைசி நேரம் கிடைக்கும். படுக்கும்போது ஒரு கோப்பையிலிருந்து 25 மி.கி.க்கு மேல் மிஞ்சக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100-இலிருந்து 25 என்பது இரண்டு பாதியாக்கல், அதாவது 10 மணி நேரம். 11 மணிக்குப் படுப்பவர் பகல் 1 மணிக்குள் முடித்துவிட வேண்டும். கோப்பையில் 50 மி.கி. தான் என்றால் ஒரே பாதியாக்கல், 5 மணி நேரம், மாலை 6 வரை நேரம் இருக்கிறது. மடக்கை எதுவும் தேவையில்லை, விரல் விட்டு எண்ணலாம்.

எல்லோருக்கும் 13 சதவீதம்தானா?

இல்லை, இந்தக் கணக்கு பெரிதாகச் சறுக்குவது இங்கேதான். ஆரோக்கியமான பெரியவர்களிடமே அரை ஆயுட்காலம் ஒன்றரை மணியிலிருந்து ஒன்பதரை மணி வரை விரிந்து கிடக்கிறது. நொதி ஒன்றுதான், ஆனால் அது எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. மரபணுவும் காரணம், அன்றாட வாழ்க்கையும் காரணம்.

புகைப்பவர்களின் உடலில் அந்த நொதி முடுக்கிவிடப்படுகிறது. அவர்களுக்குக் காஃபின் மிக வேகமாகக் கரைகிறது. கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு அரை ஆயுட்காலம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் 15 மணி நேரம் வரை போகலாம், அதாவது மணிக்கு வெறும் நாலரை சதவீதம். ஃபுளுவாக்ஸமைன் என்ற மனச்சோர்வு மருந்து இந்த நொதியைக் கிட்டத்தட்டக் கட்டிப்போட்டுவிடும். சிப்ரோஃபிளாக்ஸாசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியும் அதை மந்தமாக்கும். ஏதோ ஒரு தொற்றுக்கு அதைச் சாப்பிடும் ஐந்தாறு நாளும் வழக்கமான காபியே படபடப்பைக் கொடுத்தால், காபித்தூளைக் குறை சொல்ல வேண்டாம்.

சரி, மேலே சொன்ன அதே மூன்று கோப்பையை இரண்டு வேறு உடல்களில் ஓட்டிப் பார்ப்போம். அரை ஆயுட்காலம் 10 மணி நேரம் உள்ளவருக்கு மணிக்கு 6.7 சதவீதம் குறைகிறது. காலைக் கோப்பையில் 33, பகல் கோப்பையில் 44, மாலைக் கோப்பையில் 62. மொத்தம் சுமார் 138 மி.கி. இவருக்கு நேற்றைய பாக்கியும் சும்மா விடாது. 24 மணி நேரம் கழித்தும் 19 சதவீதம் தங்குகிறது. தினமும் இதே வழக்கம் என்றால் இரவு அளவு 170-இல் போய் நிற்கும். ஒன்றே முக்கால் கோப்பையை வயிற்றில் ஊற்றிக்கொண்டு படுப்பது மாதிரி. மணிக்கு 20 சதவீதம் குறைகிற வேகமான உடலுக்கு அதே இரவு 11 மணிக்கு மிச்சம் 31 தான்.

170, 70, 31. ஒரே மேசையில் ஒரே நேரத்தில் ஒரே கோப்பைகளைக் குடித்த மூன்று பேர். மாலைக் காபி தூக்கத்தைக் கெடுக்குமா என்று இவர்கள் மூவரும் வாதாடினால் அது முடியவே முடியாது, ஏனென்றால் மூவர் சொல்வதும் உண்மை.

புகையை நிறுத்துபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நிறுத்திய ஒரு வாரத்துக்குள் நொதியின் முடுக்கம் தணிந்துவிடுகிறது. காபி அளவு மாறாவிட்டாலும் இரவில் மிச்சம் ஏறிவிடும். தூக்கம் வராமல் புரளும்போது பழி முழுவதும் நிகோட்டின் மேல் விழுகிறது. காபியையும் குறைத்துப் பார்ப்பது நல்லது.

நான் வேகமான ஆளா மெதுவான ஆளா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சரியாகத் தெரிய வேண்டுமானால் உமிழ்நீரிலோ இரத்தத்திலோ சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை அளந்து பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். இரண்டு எண்களும் இடைவெளியும் கையில் இருந்தால் போதும். உதாரணமாக முதல் அளவு 2.0, நான்கு மணி நேரம் கழித்து 1.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சியது 0.7 பங்கு. அதன் நான்காம் மூலம் 0.915. மணிக்கு 8.5 சதவீதம், கொஞ்சம் மெதுவான உடல்.

வீட்டில் இருந்தபடி உணர்வை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. காபி குடித்தும் தூக்கம் வருகிறது என்றால் காஃபின் வேகமாகக் கரைந்திருக்கலாம். அல்லது காஃபின் அங்கேயே இருந்து மூளை அதற்குப் பழகியிருக்கலாம். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

செய்யக்கூடிய ஒன்று, இரண்டு வாரம் மாலைக் கோப்பையை விட்டு, இரண்டு வாரம் வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள் என்று குறித்துப் பார்ப்பது. அது உங்கள் சதவீதத்தைச் சொல்லாது. மாலைக் கோப்பை உங்களுக்கு எவ்வளவு செலவு வைக்கிறது என்பதைச் சொல்லும். முதல் மூன்று நான்கு நாள் குறிப்பைத் தள்ளிவிடுங்கள், அது பழக்கம் விடுகிற நாட்கள்.

எத்தனை மில்லிகிராம் மிச்சமிருந்தால் தூக்கம் கெடாது?

எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எல்லைக்கோடு கிடையாது. ஆனால் கையில் பிடித்துக்கொள்ள இரண்டு எண்கள் உண்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், படுக்கும் நேரத்தை ஒட்டி எடுக்கும் 100 மி.கி.யே சிலருக்குத் தூக்கம் வரும் நேரத்தையும் தூங்கும் நேரத்தையும் பாதிக்கலாம் என்று சொன்னது. நம் மூன்று கோப்பைக்காரரின் 67 அதற்குக் கீழேதான் இருக்கிறது, ஆனால் வெகு தூரத்தில் இல்லை.

இரண்டாவது, 2013-இல் வெளியான ஒரு பரிசோதனை. 12 பேருக்குப் படுக்கும் நேரத்திலும், 3 மணி நேரம் முன்பும், 6 மணி நேரம் முன்பும் 400 மி.கி. காஃபின் கொடுத்து, வீட்டில் தூங்கும்போது கருவியால் அளந்தார்கள். 6 மணி நேரம் முன்பு எடுத்த நாளிலும் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. நம் கணக்குப்படி 400-இல் 6 மணி நேரம் கழித்து மிச்சம் 173 மி.கி. மெதுவான உடலுக்கு மேலே 170 வந்ததே, கிட்டத்தட்ட அதே எண். அதாவது அரை ஆயுட்காலம் 10 மணி நேரம் உள்ளவர், நாள் முழுக்க அளவோடு மூன்றே கோப்பை குடித்து, அந்தப் பரிசோதனையில் நான்கு கோப்பை அளவை மாலையில் ஒரேயடியாக விழுங்கியவர் இருந்த அதே அளவில் படுக்கிறார்.

ஒப்பீடு முழுக்கத் துல்லியமில்லை. தினமும் குடிப்பவருக்குக் கொஞ்சம் பழக்கம் ஏறியிருக்கும், பாதிப்பு அந்த அளவுக்கு இருக்க வேண்டியதில்லை.

காபி குடித்தாலும் நான் படுத்தவுடன் தூங்கிவிடுகிறேனே?

படுத்தவுடன் தூங்குவதும் நன்றாகத் தூங்குவதும் வேறு வேறு. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது தன் ஏற்பிகளில் போய் உட்காரும்போது தூக்கம் சொக்குகிறது. காஃபின் செய்வது அந்த இருக்கைகளில் தான் உட்கார்ந்துகொள்வது. நாள் முழுக்கக் களைத்துப்போன ஆளுக்கு அடினோசின் ஏராளமாக இருக்கும், எனவே காஃபினையும் மீறித் தூக்கம் வந்துவிடலாம். அந்தத் தூக்கத்தில் ஆழ்ந்த பகுதி குறைவாக இருக்கும். அது நமக்குத் தெரியாது, தூங்கிக்கொண்டிருக்கிறோமே.

மேலே சொன்ன பரிசோதனையிலும், 6 மணி நேரம் முன்பு எடுத்தவர்கள் எழுதிக் கொடுத்த குறிப்பில் அந்த இழப்பு தெளிவாகத் தெரியவில்லை. கருவியில்தான் தெரிந்தது.

நிறைய தண்ணீர் குடித்தால் சீக்கிரம் வெளியேறுமா?

வெளியேறாது. சிறுநீரில் காஃபினாகவே போவது 3 சதவீதத்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் கல்லீரல் வழியாகத்தான் போக வேண்டும். தண்ணீர் குடித்தால் நடு இரவில் எழுந்திருக்கத்தான் வேண்டிவரும்.

குடித்த நிமிடத்திலிருந்தே குறையத் தொடங்கிவிடுகிறதா?

குடலிலிருந்து இரத்தத்துக்கு ஏறவே சுமார் முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை ஏற்றமும் இறக்கமும் சேர்ந்தே நடக்கும். கணக்கை முக்கால் மணி தள்ளித் தொடங்கினாலும் 10 மணி நேரக் கடைசியில் 25-க்குப் பதில் 28 வரும், அவ்வளவுதான். இதற்காக மெனக்கெட வேண்டாம்.

என் கோப்பையில் 100 மி.கி. என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

சொல்லவில்லை, கணக்குக்கு வசதியாக வைத்துக்கொண்டேன். வடிகட்டிய காபி 240 மி.லி.க்கு 95 மி.கி. என்பது பட்டியல்களில் வரும் சராசரி. தேநீருக்கு அதில் ஏறக்குறைய பாதி. கொட்டையின் வகை, தூளின் அளவு, வடித்த நேரம் மூன்றும் சேர்ந்து இந்த எண்ணை எளிதாக இரட்டிப்பாக்கும், பாதியாக்கவும் செய்யும். ரொபஸ்டா கொட்டையில் அரபிகாவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு காஃபின் இருக்கிறது. எனவே 67.3 என்று தசமத்தோடு சொல்லும் செயலிகளைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. உள்ளே போட்ட 100 என்ற எண்ணே ஊகம், வெளியே வருவதற்கு எங்கிருந்து தசமம்? 60-லிருந்து 80 வரை என்று சொன்னால் நேர்மையாக இருக்கும்.

காஃபின் நீக்கிய காபியிலும் சுத்தமாக இல்லாமல் போவதில்லை. கோப்பைக்கு 2 முதல் 15 மி.கி. வரை இருக்கும். இரவு உணவுக்குப் பின் ஒன்று குடித்தால் கணக்கில் பெரிய மாற்றமில்லை.

கரைந்துபோன 13 சதவீதம் எங்கே போகிறது?

அழிந்துவிடுவதில்லை, உருமாறுகிறது. பெரும்பகுதி பாராசாந்தின் என்ற பொருளாகிறது. அதுவும் காஃபினைப் போலவே அடினோசினின் இருக்கையைப் பிடிக்கக்கூடியது. அதுவும் பிறகு தன் வேகத்தில் கரையும். ஆகவே காஃபினில் 67 மி.கி. மிச்சம் என்று சொல்லும்போது விழிக்கவைக்கும் சரக்கு முழுவதையும் சொல்லிவிடவில்லை. நம் கணக்கு கொஞ்சம் கஞ்சத்தனமாகவே எண்ணுகிறது.

அப்படியானால் பூஜ்யம் எப்போதுதான் வரும்?

சூத்திரத்தின்படி வரவே வராது, எதையோ 0.87-ஆல் பெருக்கிப் பூஜ்யமாக்க முடியாது. நடைமுறையில் 100 மி.கி. கோப்பை 1 மி.கி. ஆக 33 மணி நேரம் ஆகும். அதற்குள் தினமும் குடிப்பவர் அடுத்த நாளைய கோப்பைகளையும் முடித்திருப்பார். அதனால் வருடக்கணக்காகக் குடிப்பவர்கள் பலர், உடம்பில் காஃபின் இல்லாத ஒரு மணி நேரத்தைக்கூடப் பார்த்ததில்லை.

திடீரென்று நிறுத்தினால் அது தெரியும். தலைவலி வழக்கமாகக் கடைசிக் கோப்பைக்கு 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். 12 மணி நேரத்தில் அந்தக் கோப்பையில் 19 சதவீதம் மிச்சம், 24 மணி நேரத்தில் மூன்றரை. ஞாயிற்றுக்கிழமை காலை தாமதமாக எழுந்து, முதல் கோப்பைக்கு முன்பே தலை கனக்கிறது என்று சொல்பவர்கள் அனேகமாக அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறார்கள்.